டீம் மாறக் கேட்பது எப்படி?

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சப்போர்ட் புராஜெக்ட் மேனேஜராக இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் ஒரு தானியங்கி மெயில் வந்தது. என் டீமில் மூன்று வருடமாக இருந்த பையன் வேறு டீமின் காலியிடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறான், ஒப்புதல் தருகிறீர்களா என்று கேட்டது. அன்று மதியம் நாங்கள் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீடு போய்ச் சேரும்வரை எனக்கு ஒரே யோசனை. போன வாரம் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டேனே, அதுதான் காரணமோ?

அது இல்லை. கிளவுட் வேலை கற்றுக்கொள்ள அவனுக்கு ஆசை, அவ்வளவுதான். நேரில் சொன்னால் நான் வருத்தப்படுவேனோ என்று பயந்து சொல்லாமல் இருந்திருக்கிறான். அவன் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு வருத்தமாகிவிட்டது.

நிறுவனத்துக்குள்ளேயே காலியிடங்களை அறிவித்து ஆள் எடுப்பதை ஐ.டி. துறையில் ஐ.ஜே.பி. என்பார்கள். இப்போதைய வேலையில் இத்தனை மாதம் முடித்திருக்க வேண்டும் என்பது போன்ற விதிகள் இருக்கும். அவை இடத்துக்கு இடம் மாறும். நம் விஷயத்துக்கு முக்கியமான விதி ஒன்றுதான்: மேனேஜருக்குத் தகவல் எப்போது போகிறது? சில நிறுவனங்களில் விண்ணப்பப் பட்டனை அழுத்திய நிமிடமே போகும். சிலவற்றில் தேர்வான பிறகுதான் போகும். எப்படி இருந்தாலும், அந்த மெயில் போவதற்கு முன்னால் நீங்கள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். புது டீமின் மேனேஜரோடு டீக்கடையில் நின்று பேசுவதும் விண்ணப்பம் மாதிரிதான். அந்தப் பேச்சு உங்கள் மேனேஜர் காதுக்கு வர ஒரு நாள் போதும்.

இரண்டு வருடம் கழித்து, அதே டீமிலிருந்த ஒரு பெண் இதைச் சரியாகச் செய்தார். வாராவாரம் நாங்கள் தனியாக உட்கார்ந்து பேசும் அரைமணி நேரத்தில் சொன்னார்.

“டேட்டா டீம்ல ஒரு இடம் வந்திருக்குங்க. அப்ளை பண்ணலாம்னு இருக்கேன். இன்னும் பண்ணலை, உங்ககிட்ட சொல்லிட்டுப் பண்ணலாம்னு வந்தேன்.”

எந்த மேனேஜரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன். “என்னம்மா, இங்க ஏதாவது பிரச்சனையா?”

“இல்லீங்க. ராத்திரி ஜாப் ஃபெயில் ஆகுறதைச் சரி பண்ணிப் பண்ணித்தான் இந்த ஆசையே வந்துச்சு. அந்த ஜாப்பை எழுதுற இடத்துல இருக்கணும்னு தோணுது. போன ஏப்ரல்ல கோல் ஷீட்லயும் எழுதியிருந்தேனே.”

இந்தப் பதிலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். “இல்லீங்க” என்று ஒரே ஒரு தடவை சொன்னார், உடனே வேலையைப் பற்றிய பேச்சுக்குப் போய்விட்டார். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். “உங்க மேல எந்த வருத்தமும் இல்லை, நிஜமா இல்லை, நீங்க ரொம்ப நல்ல மேனேஜர்” என்று அடுக்கும்போது, கேட்பவருக்கு வராத சந்தேகமும் வந்துவிடும். “அங்க கத்துக்க நிறைய இருக்கு” என்பதும் அப்படித்தான். இங்கே கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்றுதான் அது காதில் விழும். இரண்டு டீமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசாமல், போகிற வேலையை மட்டும் பேசினால் போதும். இந்தப் பெண் அதற்கும் ஒரு படி மேலே போய், இங்கே செய்த வேலையிலிருந்தே அந்த ஆசை முளைத்தது என்றார். அது உண்மையும்கூட.

கோல் ஷீட்டில் எழுதியிருந்ததுதான் என்னை முழுக்க நம்ப வைத்தது. வருட ஆரம்பத்தில், எந்த இடமும் காலியாக இல்லாதபோது எழுதிய வரி அது. நேற்று நடந்த மனக்கசப்பில் பிறந்த ஆசை என்று அதைச் சொல்லவே முடியாது. டீம் மாறும் எண்ணம் உங்களுக்கு லேசாக இருந்தாலும், இந்த வருடக் கோல் ஷீட்டில் எந்த வேலை பிடிக்கும் என்று ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள். அப்ரைசல் ரேட்டிங் வந்த அதே வாரத்தில் காலியிடம் வந்து தொலைத்தால், ரேட்டிங் பிடிக்காமல் போகிறார் என்ற பேச்சுக்கு அந்தப் பழைய வரி ஒன்றுதான் பதில்.

மேனேஜரின் மனசில் இன்னொரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும், வாய்விட்டுக் கேட்க மாட்டார். இந்த ஆள் போனால் வேலையை யார் பார்ப்பது? கிளையன்ட்டுக்கு என்ன சொல்வது? பல நேரம் மேனேஜர் முகம் சுருங்குவதற்குக் காரணம் இந்தக் கவலைதான். அந்தப் பெண் இதற்கு ஒரு தாள் கொண்டுவந்திருந்தார். அவருக்கு மட்டுமே தெரிந்த வேலை மூன்று: மாதக் கடைசி கணக்கு முடிக்கும் ஜாப், ஒரு பழைய ரிப்போர்ட், கிளையன்ட் பக்கத்து ஆளோடு வாராந்திர கால். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் கற்றுக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். மொத்தம் ஆறு வாரம். முதல் இரண்டு வாரம் புது ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். அடுத்த இரண்டு வாரம் புது ஆள் செய்வார், இவர் பக்கத்தில் இருப்பார். கடைசி இரண்டு வாரம் புது ஆள் தனியாக. பத்தாம் தேதி ஆரம்பிப்பதாகப் போட்டிருந்தார். அப்படி ஆரம்பித்தால் மாதக் கடைசி சரியாக நடு இரண்டு வாரத்தில் விழும், அதாவது புது ஆள் கை வைக்கும்போது இவர் பக்கத்திலேயே இருப்பார். இவ்வளவு யோசித்து வந்தவர் கோபத்தில் போகிறார் என்று யாருக்குத் தோன்றும்?

அன்று சாயங்காலமே நான்கு வரி மெயில் அனுப்பினார். ஆங்கிலத்தில் இருந்தது, சாரம் இது: “இன்று பேசியபடி, டேட்டா டீமின் காலியிடத்துக்கு விண்ணப்பிக்கிறேன். ராத்திரி ஜாப்களைச் சரிசெய்ததில் வந்த ஆர்வம் இது. தேர்வானால், இணைத்துள்ள ஆறு வாரத் திட்டப்படி வேலையை ஒப்படைப்பேன். தேதிகளில் மாற்றம் வேண்டுமானால் சொல்லுங்கள்.” விண்ணப்பத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்திலும் இதே வாக்கியம்தான். எனக்கு ஒன்று, ஹெச்.ஆருக்கு ஒன்று, நண்பர்களுக்கு ஒன்று என்று காரணம் சொல்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். மூன்றும் ஒருநாள் ஒரே மேஜைக்கு வந்து சேரும்.

“இப்ப ரிலீஸ் பண்ண முடியாது” என்ற பதிலும் வரலாம். அப்போது ஏன் என்று வாதாடாமல், எப்போது முடியும், அதற்குள் என்ன முடிய வேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதியை மெயிலில் பதிந்துவிடுங்கள். தேதி தாண்டியும் நகரவில்லை என்றால் ஹெச்.ஆரிடம் போகலாம். அதையும் மேனேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

நிஜமாகவே மேனேஜரோடு ஒத்துப்போகவில்லை என்றால்? அப்போதும் பொய் சொல்லத் தேவையில்லை. போகிற வேலையில் உங்களை இழுக்கும் ஒன்று இருக்குமானால் அதை மட்டும் சொல்லுங்கள். மனசில் இருக்கும் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் நடந்தது அத்துமீறலோ பாலியல் தொல்லையோ என்றால் அதை டீம் மாற்றத்துக்குள் ஒளித்துவைக்காதீர்கள். அது புகார், தனியாகப் போக வேண்டியது. பாலியல் தொல்லைக்கு, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும்.

அந்தப் பெண்ணின் நேர்காணல் முடிந்த மறுநாள் டேட்டா டீம் மேனேஜர் எனக்கு போன் செய்தார். இரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள் நாங்கள். “நல்ல பொண்ணாத்தான் தெரியுது. உங்க டீமை விட்டு ஏன் வர்றாங்க?” என்று கேட்டார்.

“ராத்திரி ஜாப்பைச் சரி பண்ணிப் பண்ணி, அதை எழுதணும்னு ஆசை வந்துடுச்சு” என்றேன்.