கடனை அடைக்கலாமா என்று கேளுங்கள்

புணே கோத்ரூடில் வசிக்கும் ஒருவர் பணி ஓய்வு பெறுகிறார் என்று கொள்வோம். கையில் வந்த தொகை 40 லட்சம் ரூபாய். வீட்டுக்கடனில் இன்னும் 15 லட்சம் நிலுவை. அவர் நிதி ஆலோசகரை நாடிச் சென்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "கடனை அடைத்துவிடலாமா?" என்பதே.

பரஸ்பர நிதிகளை விற்றுத் தரகு பெறுபவருக்கு, முதலீட்டில் ஆண்டுக்கு 0.8 விழுக்காடு கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 15 லட்சம் கடனுக்குச் சென்றால் அவர் ஆண்டுதோறும் 12,000 ரூபாய் இழப்பார். முதலீட்டு மதிப்பில் 1 விழுக்காட்டைக் கட்டணமாகப் பெறுபவர் 15,000 ரூபாய் இழப்பார். தரகே வாங்காதவராயினும் அவருக்கும் பணம் முதலீட்டில் இருப்பதே ஆதாயம். ஆண்டுக்கு 20,000 ரூபாய் என நிலையான கட்டணம் பெறுபவருக்கு மட்டும் இரண்டு விடைகளும் ஒன்றே. இதனால் முதலிருவரும் தவறாகவே சொல்வர் என்பதன்று. அவர்களது விடைக்கு வட்டிக் கணக்குடன் கூடிய காரணம் கேட்டுப் பெற வேண்டும் என்பதே பொருள்.

நிலையான கட்டணம் எல்லோருக்கும் சிக்கனமன்று. 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சேர்த்தால் 23,600 ரூபாய் ஆகும். 40 லட்சத்துக்கு ஆண்டுத் தரகு 32,000. ஆகவே கட்டணமே குறைவு. 10 லட்சத்துக்குத் தரகு 8,000 தான்; அங்கே கட்டணம் மிகுதி. மேலும், உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் அவருக்குக் கட்டணம் வரும். எனவே ஆண்டில் எத்தனை முறை மறுஆய்வு செய்வார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிப் பெறுங்கள்.

தரகு நம் கையிலிருந்து நேரே செல்வதில்லை; நிதியின் செலவாகக் கழிக்கப்படுவதால் கண்ணுக்குப் படுவதில்லை. ஆயினும் அரையாண்டுக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில், விநியோகஸ்தருக்கு அளிக்கப்பட்ட தொகை ரூபாயில் குறிக்கப்பட்டிருக்கும். தரகு சேராத நேரடித் திட்டங்கள் 2013 ஜனவரி முதல் உள்ளன.

செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரின் எண் INA என்று தொடங்கும். விநியோகஸ்தரின் எண் ARN என்று தொடங்கும். ஒரே குடும்பத்திடம் ஆலோசனைக் கட்டணமும், அக்குடும்பத்தின் முதலீட்டில் விற்பனைத் தரகும் ஒருவரே பெறலாகாது என்பது 2020 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் விதி. கட்டணம் வாங்கிக்கொண்டு, தரகு சேர்ந்த வழக்கமான திட்டத்தில் கையொப்பம் கேட்பாராயின் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வங்கிக் கிளையில் பரஸ்பர நிதியோ காப்பீட்டுப் பத்திரமோ விற்கும்போது நாங்களும் விநியோகஸ்தர்களே. அந்நிறுவனங்கள் வங்கிக்குத் தரகு அளிக்கின்றன. ஆகவே, கடனை அடைக்கலாமா என்ற அதே கேள்வியை எங்களிடமும் தயங்காமல் கேளுங்கள்.