மார்ச் 31 அன்று டீலருக்கு எவ்வளவு பாக்கி?

பிளாஸ்டிக் குழாய், பெயின்ட், டயர், பம்ப்செட் என்று எந்தப் பொருளை விற்கும் டீலரிடம் கேட்டாலும் பில்லில் இருக்கும் விலை உண்மையான விலை அல்ல என்பார். மூன்று மாதத்தில் இவ்வளவு சரக்கு எடுத்தால் இத்தனை சதவீதம் திரும்பக் கிடைக்கும் என்று கம்பெனி ஸ்கீம் போடும். காலாண்டு முடிந்து கணக்கெல்லாம் சரிபார்த்த பிறகு அந்தத் தொகை கிரெடிட் நோட்டாக வரும். பல டீலர்களுக்கு லாபமே அதில்தான் இருக்கிறது.

கம்பெனியின் பக்கம் இருந்து பார்த்தால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்கீம் மார்ச் 31-ல் முடிகிறது. கிரெடிட் நோட்டோ ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோதான் போகிறது. அதற்குள் மார்ச் மாதக் கணக்கை மூடியாக வேண்டும். இன்னும் கொடுக்காத, சரியான தொகைகூடத் தெரியாத ஒரு கடனை எப்படிக் கணக்கில் எழுதுவது? மதிப்பிட்டுத்தான் எழுத வேண்டும். அதையும் விளம்பரச் செலவோடு சேர்த்து எழுதக் கூடாது. விற்பனை வருமானத்திலிருந்தே கழிக்க வேண்டும். இந்தியாவில் பெரிய நிறுவனங்கள் 2018 ஏப்ரல் முதல் பின்பற்றும் ‘இண்ட் ஏ.எஸ். 115’ என்ற கணக்கியல் தரம் சொல்வது இதுதான். வாடிக்கையாளருக்குத் திரும்பப் போகப்போகிற பணம் ஆரம்பத்திலிருந்தே கம்பெனியின் வருமானம் ஆகாது.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குழாய் கம்பெனி ஜனவரி முதல் மார்ச் வரை ஸ்கீம் அறிவிக்கிறது. 30 லட்சம் ரூபாய்க்கு எடுத்தால் 2 சதவீதம்; 50 லட்சத்தைத் தொட்டால் 4 சதவீதம். இரண்டுமே முதல் ரூபாயிலிருந்து கணக்காகும். ஜி.எஸ்.டி. இதில் சேராது.

ஜனவரியில் ஒரு டீலர் 14 லட்சத்துக்குச் சரக்கு எடுக்கிறார். 30 லட்சம் ஆகவில்லை, அதனால் இன்னும் எதுவும் தரவேண்டியதில்லை என்று விட்டுவிடலாமா? கூடாது. கேள்வி அவர் இதுவரை எவ்வளவு எடுத்தார் என்பதல்ல, காலாண்டு முடிவில் எங்கே போய் நிற்பார் என்பது. போன வருடம் இதே மூன்று மாதத்தில் 45 லட்சத்துக்கு எடுத்தவர் அவர். இந்த ஜனவரியும் அதே வேகத்தில்தான் போயிருக்கிறது. எனவே 2 சதவீத ஸ்லாப் என்று எடுத்துக்கொண்டு, 14 லட்சத்துக்கு 28,000 ரூபாய் ஒதுக்குகிறார்கள். ஜனவரி விற்பனை 28,000 குறைகிறது. டீலருக்குத் தரவேண்டிய பொறுப்பு என்ற தலைப்பில் அதே தொகை ஏறுகிறது.

பிப்ரவரியில் அந்த டீலருக்கு ஒரு குடியிருப்புத் திட்டத்தின் ஆர்டர் கிடைக்கிறது. அந்த மாதம் 17 லட்சத்துக்கு எடுக்கிறார். மார்ச்சில் 50 லட்சத்தைத் தாண்டிவிடுவார் என்பது தெளிவாகிவிட்டது. இப்போது பிப்ரவரி சரக்குக்கு மட்டும் 4 சதவீதம் போட்டால் தப்பு. ஸ்கீம் முதல் ரூபாயிலிருந்து பொருந்துவதால், இதுவரையான 31 லட்சத்துக்கும் 4 சதவீதம், அதாவது 1,24,000 ரூபாய் பொறுப்பாக இருக்க வேண்டும். ஏற்கெனவே 28,000 இருக்கிறது. மீதி 96,000 ரூபாயும் பிப்ரவரி விற்பனையிலிருந்தே கழிகிறது. ஜனவரிக் கணக்கைத் திறந்து திருத்துவதில்லை. அன்று தெரிந்ததை வைத்து அன்று போட்டது சரியே.

மார்ச்சில் 20 லட்சம். மொத்தம் 51 லட்சம், ரிபேட் 2,04,000. மார்ச்சில் மேலும் 80,000 சேர்த்தால் கணக்கு நேராகிறது. பில்கள் 51 லட்சம் என்று சொன்னாலும், கம்பெனி காட்டக்கூடிய விற்பனை 48,96,000 ரூபாய்தான்.

டீலர் ஸ்லாபைத் தொடுவாரா மாட்டாரா என்பது நிஜமாகவே இழுபறியாக இருந்தால் என்ன செய்வது? தரம் இங்கே ஒரு பக்கம் சாய்கிறது. பின்னால் பெரிதாகத் திருப்பி எழுத வேண்டி வராது என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லக்கூடிய வருமானத்தை மட்டுமே இன்று காட்டலாம். ஆகவே சந்தேகம் வந்தால் அதிக ரிபேட்டையே ஒதுக்க வேண்டும். ஒரே டீலர் என்றால் எந்த ஸ்லாபுக்கு வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும். நூற்றுக்கணக்கான டீலர்கள் என்றால், எத்தனை பேர் எந்த ஸ்லாபில் விழுவார்கள் என்று பழைய காலாண்டுகளை வைத்துச் சராசரி காண்பது சரியாக வரும்.

முதல் ரூபாயிலிருந்து கணக்காகும் ஸ்கீமில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. 49,90,000 ரூபாய்க்கு எடுத்த டீலருக்குக் கிடைப்பது 99,800. இன்னும் 10,000 ரூபாய்க்கு எடுத்தால் 2 லட்சம். பத்தாயிரத்துக்கு வாங்கினால் லட்சம் ரூபாய் லாபம் என்னும்போது, மார்ச் 30-ம் தேதி அவர் தேவையில்லாத சரக்கையும் எடுப்பார். ஏப்ரலில் அதைத் திருப்பி அனுப்புவார். எனவே ரிபேட்டை மதிப்பிடுகிறவர் சரக்கு திரும்பி வருவதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். திருப்பி அனுப்பினால் ஸ்லாபும் இறங்குமா என்பதை ஸ்கீம் சுற்றறிக்கையில் தெளிவாக எழுதாத கம்பெனிகளில்தான் மே மாதம் சண்டை நடக்கும்.

கணக்குப் பிரிவு ஏமாறும் இன்னோர் இடம், எழுத்தில் வராத வாக்கு. டார்கெட்டை எட்டுவதற்காக விற்பனை அதிகாரி, “கூட ஒரு சதவீதம் நான் பார்த்துக்கறேன், சரக்கை எடுங்க” என்று போனில் சொல்லிவிடுவார். அந்தப் பேச்சு கணக்கருக்குத் தெரியாது. டீலர் மே மாதம் கேட்டு வரும்போதுதான் மார்ச் லாபம் அதிகமாகக் காட்டப்பட்டது வெளியே வரும். இதைக் கண்டுபிடிக்க ஆடிட்டர்கள் எளிய வழி ஒன்றை வைத்திருக்கிறார்கள். மார்ச் 31-ல் ஒதுக்கிய தொகையை, ஏப்ரல், மே மாதங்களில் உண்மையில் போன கிரெடிட் நோட்டுகளோடு டீலர் வாரியாக ஒப்பிடுவார்கள். எப்போதும் ஒதுக்கீடு குறைவாகவே இருந்தால், காலாண்டுக்குக் காலாண்டு லாபம் முன்கூட்டியே காட்டப்படுகிறது என்று அர்த்தம். எப்போதும் மிஞ்சினால், மோசமான காலாண்டில் எடுத்துவிட லாபத்தைப் பதுக்குகிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

வாங்குகிறவர் பக்கத்திலும் இதே தவறு நடக்கும். பிரிட்டனின் டெஸ்கோ சூப்பர் மார்க்கெட் நிறுவனம், தன் லாப மதிப்பீடு சுமார் 25 கோடி பவுண்ட் கூடுதலாக இருந்ததாக 2014 செப்டம்பரில் அறிவித்தது. சப்ளையர்களிடமிருந்து வரவேண்டிய தொகைகளை உரிய காலத்துக்கு முன்பே வருமானமாக எழுதியது அதற்கு முக்கியக் காரணம்.

நம் ஊர் டீலர்களுக்கும் இதில் பாடம் உண்டு. வரப்போகும் ரிபேட்டை நம்பி இன்றே விலையைக் குறைத்து விற்கிறவர், ஸ்லாப் தவறினால் நஷ்டத்துக்கு விற்றவர் ஆகிறார். ஸ்கீம் சுற்றறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். மாதம் ஒருமுறை உங்கள் கணக்குப்படி வரவேண்டியதைக் கம்பெனிக்கு அனுப்பி ஒப்புதல் பெறுங்கள். பங்கு வாங்குகிறவர்கள், இண்ட் ஏ.எஸ். முறையில் கணக்கு வைக்கும் கம்பெனியின் ஆண்டறிக்கையில் வருமானம் பற்றிய குறிப்பைப் பாருங்கள். ஒப்பந்த விலை எவ்வளவு, அதிலிருந்து தள்ளுபடியும் ரிபேட்டும் எவ்வளவு கழிந்தன என்பதை அங்கே காட்ட வேண்டும் என்பது விதி. விற்பனை ஏறிய வேகத்தைவிட அந்தக் கழிவு வேகமாக ஏறியிருந்தால், கம்பெனி சரக்கை விற்பதற்கு முன்பைவிட அதிகம் விட்டுக்கொடுக்கிறது.