வாங்கும் முன்பே எழுதிய நான்கு விலைகள்

நடுத்தரச் சந்தை மதிப்புள்ள ஒரு கிரிப்டோ காயின் பல வாரங்களாக 100 ரூபாயைத் தாண்ட முடியாமல் திணறி, ஒருநாள் 110-க்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சில நாட்களில் இருந்து சில வாரங்கள் வரை வைத்திருக்கும் ஸ்விங் டிரேடர் உடனே பாயமாட்டார். தாளில் எழுதுவார்: ‘100-க்கு இறங்கி, அங்கே தாங்கினால் வாங்குவேன். நாள் முடிவு விலை 90-க்குக் கீழே போனால் என் கணிப்பு தவறு, விற்றுவிடுவேன். 120-ல் பாதி, 140-ல் மீதி விற்பேன்.’

எத்தனை காயின்? கையில் ஒரு லட்சம் ரூபாய். அதில் ஒரு சதவீதம், அதாவது 1,000 ரூபாய்தான் இழக்கத் தயார். ஒரு காயினுக்கு இழப்பு 10 ரூபாய் என்பதால் 100 காயின். நாள் முடிவு வரை காத்திருப்பதால் விலை 86-க்கே சரிந்திருக்கலாம். இழப்பு 1,400 ஆகும்.

இலக்குகள் எட்டினால் லாபம் 3,000. இந்தியாவில் 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ்ஸும் போக, சுமார் 2,060 மிஞ்சும். நஷ்டத்தையோ வேறொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது. ஆக, மூன்றுக்கு ஒன்று என்று தாளில் தெரிந்த கணக்கு, கையில் இரண்டுக்கு ஒன்றுதான்.