போன செய்தி திரும்பி வர ஒரு வழி

கீழ்த்தளத்தில் இணைய நிறுவனம் மாட்டிவிட்டுப் போன ரூட்டர் இருக்கிறது. அதன் வைஃபை மாடியறைவரை எட்டவில்லை. இன்னொரு ரூட்டர் வாங்கி, கீழேயிருந்து ஒரு கேபிளை இழுத்து அதன் WAN துளையில் செருகுகிறார்கள். மாடியிலும் இணையம் வந்துவிடுகிறது. பல வீடுகளில் கதை இதோடு முடிந்துவிடும். ஆனால் அந்த வீட்டில் இப்போது இருப்பது ஒரு நெட்வொர்க் அல்ல, இரண்டு.

எண்களோடு பார்த்தால் விஷயம் தெளிவாகும். கீழ் ரூட்டரின் முகவரி 192.168.1.1. அதோடு இணைந்த பிரிண்டர் 192.168.1.50. மாடி ரூட்டருக்கு இரண்டு முகங்கள் உண்டு. கீழ் வீட்டைப் பார்த்த முகத்தில் அதன் முகவரி 192.168.1.2, மாடியைப் பார்த்த முகத்தில் 192.168.2.1. மாடியில் உள்ள லேப்டாப் 192.168.2.10, கேமரா ரெக்கார்டர் 192.168.2.20. மூன்றாவது எண்ணைக் கவனிக்க வேண்டும்: கீழே 1, மாடியில் 2. அது இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் மேற்கொண்டு எதைச் செய்தாலும் பலிக்காது. கீழ் வீட்டுப் பிரிண்டரைத் தேடும் லேப்டாப், அது மாடியிலேயே இருப்பதாக எண்ணி அங்கேயே தேடிக்கொண்டிருக்கும். அப்படியானால் முதலில் மாடி ரூட்டரின் LAN முகவரியை மாற்ற வேண்டும்.

வாங்கிய நிலையில் மாடி ரூட்டர் NAT என்ற வேலையைச் செய்துகொண்டிருக்கும். மாடியிலிருந்து கிளம்பும் எல்லாச் செய்திகளிலும் அனுப்புநர் முகவரியை அழித்துவிட்டு, 192.168.1.2 என்ற தன் முகவரியை எழுதி அனுப்பும். பதில் தன்னிடம் வந்ததும் உரியவரிடம் சேர்க்கும். இதனால் மாடி லேப்டாப்பிலிருந்து கீழ் வீட்டுப் பிரிண்டரில் அச்சிட முடிகிறது. கீழே இருக்கும் கணினியிலிருந்து மாடி ரெக்கார்டரைப் பார்க்க முயன்றால்தான் கதவு மூடியிருப்பது தெரியும். 192.168.2.20 என்று ஒன்று இருப்பதே கீழ் வீட்டுக்குத் தெரியாது.

இருபக்கமும் தாராளமாகப் போய்வர, மாடி ரூட்டரில் NAT-ஐ அணைக்க வேண்டும். சில ரூட்டர்களில் WAN பக்கத்தில் Enable NAT என்று இருக்கும். OpenWrt நிறுவிய ரூட்டரில் wan பகுதியின் Masquerading என்ற கட்டத்தில் உள்ள குறியை எடுக்க வேண்டும். சில மலிவு ரூட்டர்களில் இந்த வசதியே இருக்காது.

அணைத்த உடனே நிலைமை மோசமாகும். அதுவரை வேலை செய்த பிரிண்டரும் நின்றுபோகும். மாடி லேப்டாப்பில் ping கொடுத்தால் Request timed out என்றே வரும். பலர் இந்த இடத்தில் பயந்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடுகிறார்கள்.

நடப்பது இதுதான். லேப்டாப் அனுப்பிய செய்தி பிரிண்டரை ஒழுங்காகவே அடைகிறது. இப்போது அதில் 192.168.2.10 என்ற உண்மையான அனுப்புநர் முகவரி இருக்கிறது. பிரிண்டர் பதிலும் எழுதுகிறது. 192.168.2.10 தன் தெரு முகவரி இல்லை என்பதால், வெளியூர்த் தபாலைப் போல அதைக் கீழ் ரூட்டரிடம் கொடுத்துவிடுகிறது. கீழ் ரூட்டருக்குத் தெரிந்தவை இரண்டே: 192.168.1 என்று தொடங்கினால் வீட்டுக்குள், மற்றதெல்லாம் இணைய நிறுவனத்துக்கு. ஆகவே மாடிக்குப் போக வேண்டிய பதிலைத் தெருவுக்கு அனுப்பிவிடுகிறது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் தனியார் உபயோகத்துக்கென ஒதுக்கப்பட்டவை. பொது இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது. பதில் அங்கேயே தொலைந்துபோகிறது.

ஆக, குறை மாடி ரூட்டரில் இல்லை. மாற்ற வேண்டிய இடம் கீழ் ரூட்டர். ஏராளமானவர்கள் மாடி ரூட்டரின் அமைப்புகளையே சுற்றிச் சுற்றி வருவது இது புரியாததால்தான். மாடி ரூட்டருக்கு இரண்டு பக்கமும் நேரடியாகத் தெரியும், அதற்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. கீழ் ரூட்டரின் Static Routing பக்கத்தைத் திறந்து ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும்:

```
Destination: 192.168.2.0
Subnet Mask: 255.255.255.0
Gateway:     192.168.1.2
Interface:   LAN
```

192.168.2 என்று தொடங்கும் எதுவானாலும் 192.168.1.2-இடம் கொடு என்பதே இதன் பொருள். Gateway கட்டத்தில் 192.168.2.1 என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அந்த முகவரி மாடிக்குள்ளே இருக்கிறது. அங்கே போகத்தானே வழி தேடுகிறோம்? கீழ் ரூட்டர் நேரடியாகத் தொடக்கூடிய முகவரியைத்தான் தர வேண்டும். அந்த 192.168.1.2 மாறாமலும் இருக்க வேண்டும். கீழ் ரூட்டரின் DHCP பகுதியில் அதை மாடி ரூட்டருக்கென ஒதுக்கி வைக்காவிட்டால், ஏதோ ஒரு நாள் மின்சாரம் போய் வந்தபின் முகவரி மாறி, எல்லாம் காரணமில்லாமல் நின்றுபோனதுபோல் தோன்றும்.

சேர்த்த வரி வேலை செய்கிறதா என்று கீழ் வீட்டுக் கணினியில் சோதிக்கலாம்:

```
tracert 192.168.2.20
```

முதலில் 192.168.1.1, அடுத்து 192.168.1.2 என்று வந்தால் வழி சரி. இரண்டாவது வரியில் இணைய நிறுவனத்தின் எண் தென்பட்டால், ரூட்டர் அந்த வரியைப் பொருட்படுத்தவில்லை. 192.168.1.2 வரை வந்து அதற்குமேல் நகராவிட்டால் மாடி ரூட்டரின் ஃபயர்வாலைச் சந்தேகிக்க வேண்டும். WAN பக்கமிருந்து தானாக வரும் எதையும் தடுப்பது அதன் இயல்பு, 192.168.1.0-இலிருந்து வருவதை அனுமதிக்கும்படி சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கல் ஆளைக் குழப்பக்கூடியது. மாடியிலிருந்து பிரிண்டருக்கு ping போகும், ஆனால் அதன் பக்கம் பிரவுசரில் திறக்காது. லேப்டாப்பின் செய்தி கீழ் ரூட்டரின் கண்ணில் படாமல் நேராகப் பிரிண்டருக்குப் போகிறது. பதில் மட்டும் கீழ் ரூட்டர் வழியே வருகிறது. பேச்சின் தொடக்கத்தைப் பார்க்காத சில ரூட்டர்கள் இந்தப் பதிலைச் செல்லாதது என்று கழித்துவிடும். கீழே இருப்பது பிரிண்டர் அல்ல, விண்டோஸ் கணினி என்றால் தனிச் சிக்கலும் உண்டு: வேறு நெட்வொர்க்கிலிருந்து வரும் கோப்புப் பகிர்வையும் ping-ஐயும் அதன் ஃபயர்வால் வழக்கமாகத் தடுக்கும்.

இணைய நிறுவனம் தரும் சில ரூட்டர்களில் Static Routing பக்கமே இருக்காது. அப்போது கணினிக்கே வழி சொல்லிக் கொடுக்கலாம். நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைத் திரையில் இதைத் தட்டினால் போதும்:

```
route -p add 192.168.2.0 mask 255.255.255.0 192.168.1.2
```

நடுவே -p இருப்பதால் கணினியை அணைத்துப் போட்டாலும் வழி மறக்காது. மேலே சொன்ன பதில் தொலையும் சிக்கலும் அந்தக் கணினிக்கு வராது. ஆனால் பிரிண்டர், டிவி போன்றவற்றில் இப்படித் தட்ட இடமில்லை. NAT-ஐ அணைத்தபின் மாடியில் இணையம் நின்றுபோகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். சில கீழ் ரூட்டர்கள் தங்கள் சொந்த 192.168.1 முகவரிகளை மட்டுமே வெளியுலகுக்கு மாற்றித் தரும், 192.168.2-ஐக் கண்டுகொள்ளாது. அந்த ரூட்டரை வைத்துக்கொண்டு இந்த ஏற்பாடு சாத்தியமில்லை.

எல்லாம் சரியாக அமைந்தாலும் மாடி லேப்டாப்பின் பட்டியலில் கீழ் வீட்டுப் பிரிண்டர் தானாகத் தோன்றாது. பிரிண்டர்களும் டிவிகளும் தங்களை அறிவிக்கும் குரல் தங்கள் நெட்வொர்க்கைத் தாண்டுவதில்லை. 192.168.1.50 என்று எண்ணைக் கொடுத்தே சேர்க்க வேண்டும். மாடியைத் தனி நெட்வொர்க்காக வைக்கக் காரணம் எதுவும் இல்லாத வீட்டில், மாடி ரூட்டரை Access Point நிலைக்கு மாற்றிவிடுவதே எளிது. அப்போது வீடு முழுவதும் 192.168.1 ஆகிவிடும், வழி சொல்லும் வேலையே இராது. மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவரோ, டியூஷன் பிள்ளைகளின் கருவிகளோ இருந்து, யார் எதைத் தொடலாம் என்று ஃபயர்வாலில் பிரிக்க வேண்டியிருந்தால் இரண்டு நெட்வொர்க்கும் அந்த ஒற்றை வரியும் தேவைப்படும்.