வாசல் கேமராவில் லாரி எண் ஏன் தெரியவில்லை?

ஓர் அரிசி ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் டிவிஆர் இருக்கிறது. அங்கிருந்து வாசல் கேட் 170 மீட்டர். இரண்டு இடத்திலும் ஒரே கம்பெனியின் 2 மெகாபிக்சல் அனலாக் கேமராதான். அலுவலக வராந்தாவில் உள்ள கேமரா, மேசை மேல் கிடக்கும் ரூபாய் நோட்டைக்கூட அடையாளம் காட்டுகிறது. கேட் கேமராவில் லாரி வருவது தெரிகிறது, நம்பர் பிளேட் தெரியவில்லை. நிறம் வெளுத்துக் கிடக்கிறது. ராத்திரியில் அவ்வப்போது படமே கறுப்பு வெள்ளையாகிவிடுகிறது.

‘கேமரா போச்சு, மாற்றிவிடலாம்’ என்பதுதான் வழக்கமாக வரும் முதல் யோசனை. அதற்கு முன் ஐந்து நிமிட வேலை ஒன்று உண்டு. கேட் கேமராவைக் கழற்றி அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு மீட்டர் கேபிளில் நேராக டிவிஆரில் மாட்டிப் பார்க்க வேண்டும். படம் பளிச்சென்று வந்தால் குற்றம் கேமராவிலும் இல்லை, டிவிஆரிலும் இல்லை. நடுவே இருக்கும் 170 மீட்டரில் இருக்கிறது.

கேபிள் என்ன செய்துவிடும்? அடுத்த தெருக் கல்யாண வீட்டு ஸ்பீக்கரை நம் வீட்டுக்குள் இருந்து கேட்டால் மேளத்தின் ‘தொம் தொம்’ வரும், பாட்டின் சொற்கள் வராது. கேபிளிலும் அதே கதைதான். வானம், சுவர், தரை போன்ற பெரிய பரப்புகள் சிக்னலில் மெதுவான ஏற்ற இறக்கங்களாகப் போகின்றன. நம்பர் பிளேட்டின் எழுத்து ஓரங்களும் நிறமும் மிக வேகமான ஏற்ற இறக்கங்களாகப் போகின்றன. எல்லாக் கேபிளும் வேகமானதைத்தான் அதிகம் தின்னும். அதனால்தான் லாரி தெரிந்தும் எண் தெரியவில்லை.

இந்த இழப்புக்கு அளவு உண்டு. நல்ல செம்பில் செய்த ஆர்ஜி-59 கேபிளில், பழைய வகை அனலாக் கேமராவின் நுண்விவரம் ஏறத்தாழ 230 மீட்டரில் பாதியாகத் தேய்ந்துவிடும். அந்த வகைக் கேமராவுக்கு 230 மீட்டர் என்று எல்லை சொல்வது இதனால்தான். அதைவிடப் பருமனான ஆர்ஜி-6 கேபிளில் 300 மீட்டர் வரை போகலாம். இன்றைய எச்.டி. அனலாக் கேமராக்கள் இன்னும் வேகமான சிக்னலை அனுப்புகின்றன, எனவே இழப்பும் அதிகம். டிவிஆர் அந்த இழப்பைக் கணித்து, தேய்ந்த பகுதியைத் தானே தூக்கிக் கொடுக்கிறது. ஆனால் தூக்கும்போது இரைச்சலும் சேர்ந்தே எழும். படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும். ஓர் அளவுக்கு மேல் நிறத்தை மீட்க முடியாமல் போய்ப் படம் கறுப்பு வெள்ளையாகிறது. மெகாபிக்சல் கூடக் கூட இந்த எல்லை கிட்டே வரும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘500 மீட்டர்’ என்பது நல்ல கேபிளை வைத்துச் சொன்ன கணக்கு.

ஆலையில் இழுத்திருந்ததோ கடையில் ‘த்ரீ ப்ளஸ் ஒன்’ என்று கேட்டு வாங்கும் கேபிள். ஒரு மெல்லிய கோஆக்சியல், அதோடு மூன்று ஒயர்கள். 90 மீட்டர் ரோல் இரண்டு. கேட் கேமராவுக்குக் கரண்ட் வாட்ச்மேன் அறையிலிருந்து தனியாக வருவதால், பவர் ஒயரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. வீடியோ கேபிளை மட்டும் சோதித்தால் போதும். அதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டரே போதும். இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு, கேட் முனையில் நடுக்கம்பியையும் வெளிப்பின்னலையும் ஒன்றாகத் தொட வைத்து, அலுவலக முனையில் ஓம் பார்க்க வேண்டும். முழுச் செம்பு ஆர்ஜி-59 என்றால் 170 மீட்டருக்கு சுமார் 7 ஓம் காட்டும். இங்கே மீட்டர் 41 காட்டுகிறது என்று வையுங்கள்.

அந்த 41 ஓமுக்கு என்ன பொருள்? கேமராவும் டிவிஆரும் 75 ஓம் கணக்கில் வேலை செய்பவை. நடுவே 41 ஓம் நுழைந்தால், மெதுவான சிக்னல்கூட வர வேண்டிய வலுவில் ஐந்தில் ஒரு பங்கை வழியிலேயே இழக்கிறது. வேகமான பகுதியின் இழப்பு இதற்கு மேல் தனி.

இவ்வளவு ஓம் வருவதற்குக் காரணம் நடுக்கம்பியின் உலோகம். மேலே செம்பு நிறம், உள்ளே இரும்பு. ஒரு காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். பிளேடால் சுரண்டினால் வெள்ளை தெரியும். காந்தம் ஒட்டாமல் வெள்ளை மட்டும் தெரிந்தால் உள்ளே அலுமினியம். முழுச் செம்புக் கம்பி எவ்வளவு சுரண்டினாலும் சிவப்பாகவே இருக்கும், வளைத்தால் ஸ்பிரிங் போலத் திரும்பாது.

டிஷ் ஆன்டெனாவுக்கு விற்கும் ஆர்ஜி-6 பெரும்பாலும் இந்த இரும்புக் கம்பி வகைதான். அது ஏமாற்று வேலை அல்ல. டிஷ் சிக்னலின் அதிர்வெண் மிக உயர்ந்தது. அது கம்பியின் மேல்தோலில் மட்டுமே ஓடும், அங்கே செம்பு இருந்தால் போதும். கேமரா சிக்னலின் கீழ்ப்பகுதியோ கம்பியின் உள்ளுடல் வரை இறங்கி ஓடும், அங்கே இரும்பு குறுக்கே நிற்கும். எனவே கடையில் ‘ஆர்ஜி-6’ என்று மட்டும் கேட்டால் போதாது. முழுச் செம்பு நடுக்கம்பி, நெருக்கமான செம்புப் பின்னல் இரண்டையும் கேட்டு, முனையை உரித்துப் பார்த்து வாங்க வேண்டும். பின்னலை விலக்காமலே அடியிலுள்ள வெள்ளை பளிச்சென்று தெரிந்தால் அது சல்லடை, வேண்டாம்.

அடுத்த குற்றவாளி, இரண்டு ரோல் சந்தித்த இடம். கம்பியோடு கம்பி முறுக்கி, டேப் சுற்றியிருந்தது. அந்த இடத்தில் 75 ஓம் ஒழுங்கு உடைகிறது. சிக்னலின் ஒரு பகுதி மோதித் திரும்ப, படத்தில் உருவங்களுக்குப் பக்கத்தில் நிழல் விழும். ஜாயின்ட் தவிர்க்க முடியாததென்றால் இரண்டு முனையிலும் பி.என்.சி. போட்டு, நடுவே ஜாயின்டர் வைத்து, தண்ணீர் புகாத பெட்டிக்குள் அடைக்க வேண்டும். ஒரே நீளமாக இழுப்பது அதைவிட நல்லது.

பி.என்.சி.யில் ஸ்குரூ போட்டு முடுக்கும் வகை மலிவு, கருவியும் வேண்டாம். வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கி அது மெல்லத் தளரும். கேபிளை ஆட்டினால் படம் வந்து போகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கிரிம்பிங் வகை நிலைத்து நிற்கும். ஆனால் அது கேபிளின் அளவுக்குப் பொருந்த வேண்டும்: ஆர்ஜி-59க்கு உரியது ஆர்ஜி-6இன் பருத்த வெள்ளை உறைக்குள் நுழையாது, ஆர்ஜி-6க்கு உரியது ஆர்ஜி-59இல் பிடிக்காது. வளையத்தை முதலில் கேபிளில் கோத்துவிட்டுத்தான் உரிக்கத் தொடங்க வேண்டும். பின்னலின் ஒரே ஒரு இழை நடுப்பின்னைத் தொட்டாலும் படம் வராது.

ஆலைக்கான தீர்வு இதுதான்: முழுச் செம்பு ஆர்ஜி-6, ஒரே நீளம், இரு முனையிலும் கிரிம்ப் பி.என்.சி. குழாய்க்குள் இழுப்பதற்கு முன் சுருளாகத் தரையில் இருக்கும்போதே கேமராவையும் டிவிஆரையும் மாட்டிப் பார்த்துவிடலாம். இழுத்து முடித்தபின் மறுபடி ஓம் பார்த்தால் சுமார் 5 வர வேண்டும். அந்த எண்ணை டிவிஆர் பெட்டியின் உள்மூடியில் எழுதி வையுங்கள். இரண்டு மழைக்காலம் கழித்துப் படம் மங்கினால், மீட்டரை வைத்து எழுதிய எண்ணோடு ஒப்பிட்டால் போதும். 5 இருந்த இடத்தில் 15 வந்தால் கனெக்டருக்குள் களிம்பு ஏறியிருக்கிறது. 5 அப்படியே இருந்தால், கேமராவின் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். நெல் தூசி படிந்திருக்கும்.