நேர் இறக்கையும் சாய்ந்த இறக்கையும்

2022 வரை சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த ரேணிகுண்டாவில் திருப்பதி விமான நிலையம் அமைந்துள்ளது. அங்கு வந்திறங்கியுள்ள விமானங்களுள் இரு வகைகளை ஒப்பிட்டு நோக்கலாம். ஏ.டி.ஆர். 72 என்பது சுழல்விசிறி விமானம். அதன் இறக்கைகள் உடலுக்கு ஏறக்குறையச் செங்குத்தாக நீண்டிருக்கும். ஏர்பஸ் ஏ-320 என்பது ஜெட் விமானம். அதன் இறக்கைகள் சுமார் 25 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இவ்வேறுபாட்டிற்கு முதற்காரணம் அவை பறக்கும் வேகமே ஆகும்.

இறக்கையின் மேற்புறத்தைக் கடக்கும் காற்று, விமானத்தின் வேகத்தைவிட விரைந்து ஓடுகிறது. ஆகவே விமானம் ஒலியின் வேகத்தை எட்டுமுன்பே, இறக்கையின் மேல் ஓரிடத்தில் காற்று அவ்வேகத்தைக் கடந்துவிடக்கூடும். அது வலுத்தால் அங்கு அதிர்ச்சி அலை தோன்றுகிறது; காற்றின் எதிர்ப்பு திடீரென மிகுகிறது; விமானம் நடுங்குவதும் உண்டு.

இறக்கையைச் சாய்ப்பதால் இந்நிலை தள்ளிப்போகிறது. காற்றின் வேகத்தில் இறக்கைக்குக் குறுக்கே செல்லும் பகுதியே இங்கு முக்கியமானது என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி அடால்ஃப் பூஸ்மான் 1935ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். ஏ-320 விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். 25 பாகையின் கோசைன் 0.906 ஆதலால், இறக்கை உணரும் வேகம் சுமார் 750 கிலோமீட்டரே. அவ்வுயரத்தில் ஒலியின் வேகம் சுமார் 1,060 கிலோமீட்டர். ஏ.டி.ஆர். 72 விமானமோ மணிக்குச் சுமார் 510 கிலோமீட்டர் வேகத்திலேயே செல்வது. ஒலியின் வேகத்தில் பாதியைக்கூட அது எட்டுவதில்லை. எனவே அதற்குச் சாய்வு தேவையில்லை.

சாய்வினால் நேரும் இழப்பு, வேகம் குறைந்த நிலையில் புலப்படும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.906இன் வர்க்கம் 0.82. அதாவது, பிற யாவும் சமமாயின், தூக்குவிசையில் நூற்றுக்குச் சுமார் 18 பங்கு குறைகிறது. இதனை ஈடுசெய்ய, இறங்கும்போது ஏ-320இன் இறக்கையில் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் பலகைகள் நீட்டப்படுகின்றன. ஏ.டி.ஆர். 72க்குப் பின்விளிம்புப் பலகைகளே போதுமானவை. மேலும், சாய்ந்த இறக்கையில் மேற்பரப்பை ஒட்டிய காற்று நுனியை நோக்கி நழுவுவதால், நுனிப்பகுதி முதலில் தூக்குவிசையை இழக்கக்கூடும். நுனி பின்னால் இருப்பதால் விமானத்தின் மூக்கு மேலும் உயரும்; அபாயம் பெருகும். சாய்ந்த இறக்கை முறுக்கத்தையும் தாங்கவேண்டியிருப்பதால் அதன் எடையும் கூடுகிறது.

இவ்விழப்பு எப்போது ஈடாகும்? ஐதராபாத்திலிருந்து திருப்பதி வான்வழியே சுமார் 420 கிலோமீட்டர். முழுவேகத்தில் கணக்கிட்டாலும் இருவகைக்கும் சுமார் 19 நிமிடமே வேறுபாடு. ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் அதுவும் குறையும். தில்லியிலிருந்து சுமார் 1,660 கிலோமீட்டர். அவ்வழியில் சாய்ந்த இறக்கை ஒன்றேகால் மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. குறுந்தொலைவுக்கு நேர் இறக்கையும் நெடுந்தொலைவுக்குச் சாய்ந்த இறக்கையும் பொருந்துவது இக்கணக்கினாலேயே.