மாத்திரையோடு மோதும் பழச்சாறு!
ஒரு டம்ளர் குடித்தால் ஒரு மாத்திரை மூன்று மாத்திரை ஆகுமா?

மாத்திரையைத் தண்ணீரில் விழுங்குகிறவர்கள் உண்டு. காப்பியில் விழுங்குகிறவர்களும் உண்டு. பாலில், மோரில், பழச்சாற்றில் விழுங்குகிறவர்களும் உண்டு. "எதில் விழுங்கினால் என்ன? வயிற்றுக்குள் போனால் சரி" என்பது பலருடைய எண்ணம்.

அந்த எண்ணம் தவறு என்பதை ஒரு பழம் உலகத்துக்குக் காட்டியது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

தற்செயலாகக் கிடைத்த உண்மை

கானடா நாட்டில் லண்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே டேவிட் பெய்லி என்ற மருந்து ஆராய்ச்சியாளர் இருந்தார். இளமையில் அவர் பெரிய ஓட்டக்காரர். 1966-ம் ஆண்டில் ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் ஓடியவர்.

1989-ம் ஆண்டு வாக்கில் அவர் ஒரு சோதனை நடத்தினார். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் 'பெலோடிபின்' என்ற மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் நோக்கம். சோதனையில் மது கலந்த பானமும் உண்டு. மது கலக்காத பானமும் உண்டு. குடிப்பது எது என்று குடிப்பவருக்குத் தெரியக்கூடாது. மதுவின் சுவையை மறைக்க வேண்டும். அதற்காக 'கிரேப்புரூட்' என்ற பழத்தின் சாற்றைச் சேர்த்தார்கள். அது சற்றுக் கசப்பான சாறு.

ரத்தத்தைச் சோதித்தபோது ஆராய்ச்சியாளர்கள் திகைத்தார்கள். மது கலந்திருந்தாலும் கலக்காவிட்டாலும் ரத்தத்தில் மருந்து அளவுக்கு மீறி இருந்தது! மாத்திரையில் தவறு இல்லை. கணக்கிலும் தவறு இல்லை. அப்படியானால் மிஞ்சியது பழச்சாறுதான்.

பெய்லி தாமே மாத்திரையை விழுங்கிப் பார்த்தார். ஒரு முறை தண்ணீரோடு. ஒரு முறை சாற்றோடு. சாற்றோடு விழுங்கியபோது மருந்து பல மடங்கு கூடியது. பிறகு பலரிடம் முறையாகச் சோதித்து, 1991-ல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக ஏறக்குறைய 3 மடங்கு மருந்து ரத்தத்தில் சேர்ந்திருந்தது.

குடலில் ஒரு காவல்காரன்

பழச்சாறு எப்படி மருந்தைக் கூட்டுகிறது? அது கூட்டவில்லை. குறையவேண்டியதைக் குறையவிடாமல் தடுக்கிறது.

நம் குடலின் சுவரில் ஒரு காவல்காரன் இருக்கிறான். அவன் ஒரு நொதி. உள்ளே வரும் பல மருந்துகளை அவன் உடைத்துவிடுவான். பெலோடிபின் மாத்திரையில் 100 பங்கு மருந்து இருந்தால், குடலிலும் ஈரலிலும் பெரும் பகுதி உடைந்துபோய், சுமார் 15 பங்குதான் ரத்தத்துக்குப் போய்ச் சேரும். இது மருந்து செய்பவர்களுக்குத் தெரியும். அந்த இழப்பையும் கணக்கில் வைத்துத்தான் மாத்திரையின் அளவை வைத்திருக்கிறார்கள்.

கிரேப்புரூட் சாற்றில் உள்ள சில பொருள்கள் குடல் சுவரில் உள்ள காவல்காரனைச் செயலற்றவனாக்கி விடுகின்றன. தடுப்பார் இல்லை. 15 பங்கு போகவேண்டிய இடத்தில் 40 பங்குக்கு மேல் போய்விடுகிறது. விழுங்கியது ஒரு மாத்திரை. வேலை செய்வதோ மூன்று மாத்திரை!

இதில் இன்னொரு சங்கதி உண்டு. "காலையில் சாறு, இரவில் மாத்திரை என்று பிரித்துக்கொண்டால் போயிற்று" என்று சிலர் நினைக்கலாம். அது பலிக்காது. செயலிழந்த நொதி மறுபடி எழுந்திருப்பதில்லை. உடம்பு புதிய நொதியைத் தயார் செய்யவேண்டும். அதற்கு 1 முதல் 3 நாள் வரை ஆகும். இவ்வளவையும் செய்ய ஒரே ஒரு டம்ளர் சாறு போதும்.

அது எந்தப் பழம்?

பெயரில் 'கிரேப்' இருப்பதால் திராட்சை என்று நினைத்துவிடாதீர்கள். திராட்சைக்கும் இதற்கும் உறவு இல்லை. இது ஆரஞ்சு இனம். ஆரஞ்சை விடப் பெரியது. உள்ளே வெளிர் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும். இனிப்போடு புளிப்பும் கசப்பும் சேர்ந்திருக்கும். நம் ஊரில் இதன் சாறு பெரும்பாலும் பெட்டியில் அடைத்து, நகரத்துக் கடைகளில் விற்கிறது.

ஆனால், "நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை" என்று சொல்ல முடியாது. நம் பம்பளிமாஸ் இருக்கிறதே, அதுவும் ஆரஞ்சும் கலந்து பிறந்ததுதான் கிரேப்புரூட். தாய்ப் பழமான பம்பளிமாசிலும் அதே பொருள்கள் உண்டு. ஆகவே கிரேப்புரூட் கூடாது என்று சொல்லும் மாத்திரைக்குப் பம்பளிமாசையும் தள்ளி வைப்பதே நல்லது. நாம் சாதாரணமாகச் சாப்பிடும் இனிப்பு ஆரஞ்சு இந்தக் காவல்காரனைத் தொடுவதில்லை.

ஒரு வீட்டில் நடப்பது

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தாத்தாவுக்கு மூன்று மாத்திரை. ரத்தக் கொதிப்புக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, தைராய்டு குறைவுக்கு ஒன்று. பட்டணத்தில் இருந்து வந்த பேத்தி இரண்டு பெட்டி கிரேப்புரூட் சாறு வாங்கி வந்திருக்கிறாள். பெட்டியைத் திறப்பதற்கு முன், மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறாள். அங்கே மருந்துப் படிப்புப் படித்தவரிடம் காட்டுகிறாள்.

"ஐயா, இந்த மூன்றோடு தாத்தா இந்தச் சாறு குடிக்கலாமா?"

அவர் கம்பெனி வைத்த பெயரைப் பார்க்கவில்லை. அதோடு அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் பார்க்கிறார்.

"முதல் மாத்திரை அம்லோடிபின். பெலோடிபினுக்கு இது தம்பி மாதிரி. ஆனாலும் சாறு இதை அவ்வளவாகக் கூட்டுவதில்லை. இரண்டாவது அட்டோர்வாஸ்டாட்டின். இதற்குச் சாறு நிறையக் கூடாது. சிம்வாஸ்டாட்டின் என்று இருந்தால் அறவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ரோசுவாஸ்டாட்டின் என்றால் கவலை இல்லை. மூன்றுமே கொழுப்பு மாத்திரைதான். ஆனால் சாற்றோடு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். பார்த்தாயா அம்மா!"

"கூடிவிட்டால் எப்படித் தெரியும் ஐயா?"

"கொழுப்பு மாத்திரை கூடினால் காரணம் இல்லாமல் தசை வலிக்கும். கை கால் தளரும். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகும். அப்படி இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். ரத்தக் கொதிப்பு மாத்திரை கூடினால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், கால் வீங்கும், நெஞ்சு படபடக்கும்."

பேத்தி யோசித்தாள். "அப்படியானால் சாறு வேண்டாம். தாத்தாவுக்கு வேறு பழம் கொடுத்துக்கொள்கிறோம்."

"நல்லது. தாத்தா மூன்றாவது மாத்திரையை எதில் விழுங்குகிறார்?"

"காப்பியில்."

கடைக்காரர் தலையை அசைத்தார். "சாற்றை விட அதுதான் இப்போது கவனிக்கவேண்டியது!"

காப்பியும் கால்சியமும்

தைராய்டு குறைவுக்குக் கொடுக்கும் தைராக்சின் மாத்திரை, காப்பியோடு போனால் ரத்தத்தில் சரியாகச் சேராது. இங்கே மருந்து கூடுவதில்லை, குறைகிறது. காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் விழுங்கவேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பியும் பலகாரமும். கால்சியம் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 4 மணி நேரம் இடைவெளி விடவேண்டும்.

ஆனால் அவசரப்படக்கூடாது. தாத்தா பல வருஷமாகக் காப்பியில் விழுங்கியிருந்தால், அந்தக் குறைவையும் சேர்த்துத்தான் டாக்டர் அளவு போட்டிருப்பார். திடீரென்று தண்ணீருக்கு மாறினால் மருந்து கூடிவிடலாம். ஆகவே டாக்டரிடம் சொல்லிவிட்டு மாறவேண்டும். சில வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்து, அளவு சரியா என்று பார்ப்பார்.

பாலும் கீரையும்

இன்னும் இரண்டு சேர்க்கையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிருமியைக் கொல்லும் 'சிப்ரோபிளாக்சசின்' மாத்திரையைப் பாலோடு விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வயிறு எரியாமல் இருக்க என்பார்கள். பாலில் உள்ள கால்சியம் மருந்தைக் கட்டிப்பிடித்துக் கொள்கிறது. மருந்தில் ஒரு பகுதி ரத்தத்துக்குப் போகாமல் வெளியே போய்விடும். கிருமி சாகாது, காய்ச்சல் விடாது. "மருந்து கேட்கவில்லை" என்று அலைவோம். தண்ணீரில்தான் விழுங்கவேண்டும். பாலும் தயிரும் தனியாகச் சாப்பிடுவதானால், மாத்திரை போட்டு 2 மணி நேரம் போகட்டும். முதலில் பால் குடித்துவிட்டால் 6 மணி நேரம் கழித்து மாத்திரை.

ரத்தம் உறையாமல் இருக்க 'வார்பரின்' சாப்பிடுகிறவர்கள் கீரையில் கவனமாக இருக்கவேண்டும். கீரையில் உள்ள 'கே' வைட்டமின் ரத்தத்தை உறையச் செய்யும். மருந்து ஒரு பக்கம் இழுக்கும். கீரை மறுபக்கம் இழுக்கும். அதற்காகக் கீரையை அடியோடு நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மருந்தின் கை ஓங்கி, ரத்தக் கசிவு வரலாம். வாரத்தில் இரண்டு நாள் கீரை என்றால் எப்போதும் இரண்டு நாள். திடீரென்று தினமும் முருங்கைக் கீரை என்று ஆரம்பிப்பதும் தவறு, விட்டுவிடுவதும் தவறு.

எப்படிச் சரிபார்ப்பது?

வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு மாத்திரை வெட்டி வாங்கும்போது, பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பெயர் இல்லாத துண்டை யாராலும் சரிபார்க்க முடியாது. படிக்கத் தெரியாவிட்டாலும் பாதகம் இல்லை. அட்டையே பேசும்.

டாக்டரிடமோ மருந்துக் கடையில் படித்தவரிடமோ பையைக் காட்டி, ஒவ்வொரு மாத்திரைக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? எதில் விழுங்கவேண்டும்? எந்த உணவோ பழமோ இதற்கு ஆகாது? நாட்டு மருந்து, சத்து மாத்திரை எது சாப்பிட்டாலும் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதி, மாத்திரைப் பெட்டியிலேயே வையுங்கள். டாக்டர் மாத்திரையை மாற்றினால் மறுபடியும் கேளுங்கள். அட்டோர்வாஸ்டாட்டினுக்குச் சொன்னது சிம்வாஸ்டாட்டினுக்குப் பொருந்தாது.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தெரியாமல் ஒரு டம்ளர் சாறு குடித்துவிட்டால், இன்னும் குடிக்காமல் நிறுத்திவிட்டு, மேலே சொன்ன அறிகுறி உண்டா என்று பாருங்கள், டாக்டரைக் கேளுங்கள். நிறுத்தவேண்டியது சாற்றைத்தான், மாத்திரையை அல்ல.

கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை ஒரு வழி இருக்கிறது. வீட்டுப் பானையில் உள்ள தண்ணீர் பெரும்பாலும் எந்த மாத்திரையோடும் சண்டை போடாது!